காணொளி அழைப்புக்கு முன்னுரிமை தரும் திசைவி அமைப்பு

ஒரே இணைய இணைப்பைப் பலர் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், ஒருவர் பெரிய கோப்பைப் பதிவிறக்கத் தொடங்கியதும் இன்னொருவரின் காணொளி அழைப்பு திக்கத் தொடங்கும். குரல் விட்டுவிட்டு வரும், படம் உறைந்து நிற்கும். இதைத் தவிர்க்க, ரவுட்டர் எனப்படும் திசைவியில் செய்யும் ஏற்பாட்டுக்குச் சேவைத் தர அமைப்பு என்று பெயர். திசைவியின் பட்டியலில் இது QoS என்று இருக்கும். பலர் இதை இயக்கிவிட்டு, பயன் தெரியவில்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரே ஓர் எண்ணை நிரப்பாமல் விட்டதுதான்.

சிக்கல் வேகத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது

பாலவாக்கத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். இணைப்பு நொடிக்கு 40 மெகாபிட் வேகமுள்ள கண்ணாடியிழை இணைப்பு. மகளுக்குக் கல்லூரி வாய்மொழித் தேர்வு காணொளியில் நடக்கிறது. மகன் 60 கிகாபைட் அளவுள்ள விளையாட்டைப் பதிவிறக்குகிறான். அம்மாவின் கைப்பேசி, திருமணத்தில் எடுத்த காணொளிகளைத் தானாகவே மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. காணொளி அழைப்புக்குத் தேவை சுமார் 3 மெகாபிட் மட்டுமே. 40இல் 3 கிடைக்காதா என்று தோன்றும்.

வேகம் கிடைக்கும், ஆனால் நேரத்துக்குக் கிடைக்காது. இணையத்தில் தரவு சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. இணைப்பு நிரம்பியதும் மிகுதிப் பொட்டலங்கள், திசைவியிலோ சேவை நிறுவனத்தின் கருவியிலோ உள்ள தற்காலிக நினைவகத்தில் வரிசையில் நிற்கின்றன. கோப்பேற்றம் கிடைத்த இடத்தையெல்லாம் நிரப்பும் இயல்புடையது. ரேஷன் கடையில் ஒருவர் இருபது அட்டைகளுடன் முன்னால் நின்றால், கால் லிட்டர் எண்ணெய் வாங்க வந்தவரும் அத்தனையும் முடியும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா? அழைப்பின் பொட்டலத்துக்கும் அதே கதிதான்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். அந்த நினைவகத்தில் 1 மெகாபைட் தரவு நிற்கிறது என்றால் அது 8 மெகாபிட். நொடிக்கு 40 மெகாபிட் வீதம் அது வெளியேற 0.2 நொடி, அதாவது 200 மில்லிநொடி ஆகும். பேச்சு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை கூறுகிறது. வரிசை ஒன்றே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

அமெரிக்கக் கணினிப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010இல் தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை நகலெடுத்தபோது, இணையம் மெதுவாக இருப்பதாகப் பிள்ளைகள் குறைபட்டார்கள். அளந்து பார்த்த அவர், தேவைக்கு அதிகமான இந்த நினைவகமே காரணம் என்று கண்டு, அதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் சூட்டினார். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் வரிசையை நீளவிடாமல் காக்கும் ‘கோடெல்’ என்ற முறையை வெளியிட்டனர். இன்று பல திசைவிகளில் உள்ள fq_codel, cake ஆகியவை இதிலிருந்து வளர்ந்தவை. இவை ஒவ்வொரு தொடர்புக்கும் தனி வரிசை தந்து, முறை வைத்து அனுப்புகின்றன.

முதலில் அளந்து பாருங்கள்

கணினியைத் திசைவியுடன் கம்பிவழி இணைத்து, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
ping -n 60 8.8.8.8
```

வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒருமுறையும், பெரிய கோப்பு ஒன்று ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது ஒருமுறையும் இயக்குங்கள். முதலில் 10 மில்லிநொடி காட்டியது அடுத்ததில் 200, 300 என்று ஏறினால் நோய் வரிசைதான். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால், கீழே சொல்லும் மாற்றத்தால் உங்களுக்குப் பயனில்லை.

நிரப்ப வேண்டிய அந்த எண்

வரிசை எந்தக் கருவியில் நிற்கிறதோ அந்தக் கருவிதான் அதை ஒழுங்குபடுத்த முடியும். உங்கள் திசைவிக்கு அப்பால் உள்ள கருவியில் வரிசை நின்றால், திசைவியில் யாருக்கு முன்னுரிமை கொடுத்தும் பயனில்லை. ஆகவே இணைப்பின் உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தைத் திசைவிக்கு உச்ச வரம்பாகக் கொடுக்க வேண்டும். அப்போது வரிசை திசைவிக்குள்ளேயே உருவாகும்.

இரவு 9 மணி போன்ற நெரிசல் நேரத்தில் மூன்று முறை வேகச் சோதனை செய்து, மிகக் குறைந்த முடிவை எடுங்கள். நம் வீட்டில் அது 38 என்று வைத்துக்கொள்வோம். அதில் 85 விழுக்காடு சுமார் 32. உலாவியில் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று தட்டச்சு செய்து திசைவிக்குள் நுழைந்து, QoS பக்கத்தில் பதிவிறக்கம், பதிவேற்றம் இரண்டையும் தனித்தனியே அளந்து தனித்தனியே நிரப்புங்கள். சில திசைவிகள் Mbps அலகிலும் சில Kbps அலகிலும் கேட்கும். Kbps என்றால் 32000 என்று எழுத வேண்டும். 32 என்று எழுதினால் வீட்டு இணையமே நின்றுபோனது போலாகிவிடும். OpenWrt மென்பொருள் உள்ள திசைவியில் இந்த வசதி SQM QoS என்ற பெயரில், தனியாக நிறுவியபின் கிடைக்கும். அதில் cake என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரணத் திசைவியில், வரம்பு கொடுத்த பிறகு, அழைப்புக்குரிய மடிக்கணினியை முன்னுரிமைக் கருவியாகக் குறியுங்கள்.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? அந்த 60 கிகாபைட் விளையாட்டு 38 மெகாபிட் வேகத்தில் சுமார் 3 மணி 30 நிமிடத்தில் இறங்கும். 32இல் 4 மணி 10 நிமிடம் ஆகும். மகன் இழப்பது 40 நிமிடம். மகளின் தேர்வு தடங்கலின்றி நடக்கும்.

பயன் தெரியாவிட்டால்

மாற்றத்துக்குப் பின் அதே ping சோதனையைச் சுமையுடன் மீண்டும் செய்யுங்கள். எண் சுமையில்லாத நிலைக்கு அருகில் இருந்தால் வேலை முடிந்தது. இன்னும் உயர்ந்தே இருந்தால் வரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். பதிவேற்ற வரிசை திசைவியின் கையில் இருப்பதால் எளிதில் அடங்கும். பதிவிறக்கப் பொட்டலங்களோ நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வருபவை. திசைவி அவற்றில் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவர் தானே வேகத்தைக் குறைக்கும்படி செய்கிறது. அதனால் பதிவிறக்கத்தில் பலன் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

வீடுகளில் அடிக்கடி நேரும் தவறு இன்னொன்று. நிறுவனம் பொருத்திய பெட்டியில் QoS வசதி இல்லாததால் புதிய திசைவி வாங்கி அதன் பின்னால் இணைப்பார்கள். ஆனால் அம்மாவின் கைப்பேசி பழைய பெட்டியின் வைஃபையிலேயே இருக்கும். அதன் பதிவேற்றம் புதிய திசைவியைத் தொடாமலே வெளியேறி, பழைய வரிசையை மீண்டும் நிரப்பும். பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் புதியதற்கு மாற்ற வேண்டும்.

கம்பிவழியில் சரியாக இருந்து, வைஃபையில் மட்டும் அழைப்பு திக்கினால், அந்த அறையிலிருந்து திசைவியின் முகவரிக்கே ping கொடுத்துப் பாருங்கள். அதுவே 100, 200 என்று தாவினால் குற்றம் காங்கிரீட் சுவருடையது. அதற்கு மருந்து திசைவியின் இடத்தை மாற்றுவதோ, மேசைவரை கம்பி இழுப்பதோதான். பொட்டலங்களை ஆராய்ந்து அனுப்பும் இந்த வேலை திசைவியின் செயலிக்குச் சுமை என்பதால், 300 மெகாபிட் போன்ற வேகமான இணைப்பில் பழைய திசைவி திணறி, வேகம் பாதியாகலாம். அப்படியானால் வரம்பைப் பதிவேற்றத்துக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். திட்டத்தின் வேகத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் அந்த எண்ணையும் மாற்ற மறக்கக் கூடாது. 100 மெகாபிட்டுக்கு மாறிய பின்னும் திசைவியில் 32 என்றே இருந்தால், வீட்டுக்கு 32தான் கிடைக்கும்.