கேமராவைத் திருப்பப் போறது நீங்க இல்ல, பாஸ்!

உங்க காலேஜுக்கு 360 டிகிரி டூர் எடுக்கப் போறீங்களா? கேமரா வாங்கறது, வாடகைக்கு எடுக்கறது எல்லாம் அப்புறம். முதல்ல பேப்பரும் பேனாவும் எடுங்க. ஏன்னா இதுல மாட்டிக்கிறது கேமராமேன் இல்ல, ஸ்கிரிப்ட் எழுதறவர்தான்.

சாதாரண வீடியோவுல, 'இப்போ லைப்ரரியைக் காட்டறோம்'னு எழுதினா வேலை முடிஞ்சது. பார்க்கிறவருக்கு வேற வழி கிடையாது. 360-ல அப்படி இல்ல. கேமரா நாலு பக்கத்தையும் ஒரே நேரத்துல பிடிச்சு வெச்சிருக்கு. செல்போன்ல பார்க்கிறவரின் கண்ணுக்கு ஒரு நேரத்துல சுமாரா கால்வாசி வட்டம்தான் தெரியும். மீதி முக்கால் வட்டம் அவரோட முதுகுக்குப் பின்னாடி. நீங்க லைப்ரரியைப் பத்தி உருகி உருகிப் பேசும்போது, அவர் எதிர்ப்பக்கம் திரும்பி டீக்கடையைப் பார்த்துட்டு இருக்கலாம். தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. அதுக்காகத்தானே 360!

இதுல ஒரு சுவாரஸ்யமான கணக்கு இருக்கு. 2017-ல யூடியூப் தன்னோட 360 வீடியோக்களை மக்கள் எப்படிப் பார்க்கறாங்கன்னு அலசிப் பார்த்தது. முன்பக்கம் 90 டிகிரிக்குள்ளேயே 75 சதவிகித நேரத்தைக் கழிச்சிடறாங்களாம். ஆனா ரொம்பப் பிரபலமான வீடியோக்களை மட்டும் எடுத்துப் பார்த்தா, கிட்டத்தட்ட 20 சதவிகிதப் பார்வை பின்பக்கம் போயிருக்கு. அதாவது, திரும்பறதுக்கு ஒரு காரணம் கொடுத்தா மனுஷன் திரும்புவான். அந்தக் காரணத்தை எழுதறதுதான் நம்ம வேலை.

எழுதியே பார்த்துடலாம் வாங்க. இடம், நம்ம காலாப்பட்டு, புதுச்சேரிப் பல்கலைக்கழக மெயின் கேட். பார்க்கிறவர் யாருன்னும் முடிவு பண்ணிக்குவோம். ஏனாம்ல இருக்கற ஒரு ப்ளஸ் டூ பொண்ணு. ஏனாம் நம்ம யூனியன் பிரதேசம்தான், ஆனா இருக்கறது ஆந்திராவுக்குள்ள. சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போறது அந்த வீட்டுக்கு லேசான காரியம் இல்ல. அவங்க முடிவெடுக்கப் போறது இந்த டூரை வெச்சுத்தான்.

பக்கத்தை எப்படிக் குறிக்கறது? கடிகார முள் மாதிரி வெச்சுக்கங்க. வீடியோ திறந்ததும் தெரியற திசை 12 மணி. இங்கே அது கேம்பஸுக்குள்ள போற ரோடு, மேற்கு. முதுகுப் பக்கம் 6 மணி. அங்கே ஈ.சி.ஆர். ரோடு, அதைத் தாண்டி கடல், கிழக்கு. இப்போ ஸ்கிரிப்ட்:

0 – 6 விநாடி: பேச்சே இல்லை. 12 மணியில் ஒரு மாணவி சைக்கிளோடு நிற்கிறார். 6 மணியில் வண்டிகள் போகின்றன.

6 – 16 விநாடி: மாணவி: "வணக்கம், இது காலாப்பட்டு. 1985-ல ஆரம்பிச்ச மத்தியப் பல்கலைக்கழகம். டவுன்ல இருந்து வடக்கால வரணும்."

16 – 19 விநாடி: 6 மணியில் பஸ் ஹாரன். மாணவி பேச்சை நிறுத்தி, சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்க்கிறார்.

19 – 29 விநாடி: மாணவி: "பஸ் போகுதே, அதான் ஈ.சி.ஆர். அந்த ரோட்டுக்கு அந்தாண்டை வங்கக் கடல்."

29 – 40 விநாடி: சைக்கிள் மணி. "லைப்ரரிக்குப் போறேன், வாங்க." 12 மணித் திசையில் மிதித்துப் போகிறார்.

முதல் 6 விநாடி ஏன் சும்மா போகுதுன்னு கேட்கறீங்களா? புது இடத்துல கண்ணைத் திறந்ததும் யாரா இருந்தாலும் சுத்திப் பார்க்கத்தான் செய்வாங்க. அந்த நேரத்துல சொல்ற தகவல் காத்துல போயிடும். ஹாரனுக்கு அப்புறம் வர்ற 3 விநாடி மௌனமும் அதுக்குத்தான். சத்தம் முதல்ல, திரும்ப டைம், அப்புறம்தான் பேச்சு.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? ஸ்கிரிப்ட்ல எங்கேயும் 'உங்க இடது பக்கம்' வரலை. அவர் ஏற்கெனவே எந்தப் பக்கம் திரும்பியிருக்கார்னு நமக்குத் தெரியாது. 6 மணியைப் பார்த்துட்டு இருக்கறவரோட இடது பக்கம் வேற. 'பஸ் போகுதே'ன்னு சொன்னா எந்தப் பக்கம் நின்னாலும் தேடிக் கண்டுபிடிச்சிடுவார். திரும்பவே இல்லைன்னாலும் வாக்கியம் பொய்யாகாது.

ஹாரனை மட்டும் நம்பிடாதீங்க. தலையைத் திருப்பினா சத்தமும் அதுக்கேத்த மாதிரி திசை மாறணும்னா, ஒலியைத் திசையோட பதிவு பண்ணணும், கேட்கறவரும் ஹெட்போன் மாட்டியிருக்கணும். செல்போன் ஸ்பீக்கர்ல எல்லா ஹாரனும் ஒரே இடத்துலதான் அடிக்கும். அதுக்குத்தான் மாணவியையும் திரும்பிப் பார்க்கச் சொன்னது. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தர் அண்ணாந்து பார்த்தா பத்துப் பேர் அண்ணாந்து பார்ப்பாங்களே, அதே டெக்னிக்!

அடுத்த ஷாட், ஆனந்தரங்கப்பிள்ளை நூலகம். (டூப்ளேவுக்கு துபாஷியா இருந்து டைரி எழுதினாரே, அவர் பேருதான்.) இங்கே ஒரு சிக்கல் இருக்கு. ஷாட் மாறினாலும் பார்க்கிறவரின் தலை மாறாது. முந்தின ஷாட்டை 12 மணியில் முடிச்சவருக்கு, புது ஷாட்டும் 12 மணியிலதான் திறக்கும். கூகுள்ல வி.ஆர். படங்கள் எடுத்த ஜெசிகா பிரில்ஹார்ட் சொல்லிக்கொடுத்த வழி இது: ஷாட் முடியும்போது கண் எங்கே இருக்க வாய்ப்பு அதிகமோ, அடுத்த ஷாட்டோட முக்கியமான விஷயத்தை அதே திசையில வைக்கணும். மாணவி 12 மணிப் பக்கம்தான் போனாங்க, அதனால லைப்ரரி வாசலும் அவங்களும் 12 மணியில. ரோட்டையே பார்த்துட்டு இருந்தவரு 6 மணியில திறப்பாரே? அவருக்காக முதல் வாக்கியம், "லைப்ரரி வாசலுக்கு வந்துட்டோம்". கூடவே ஒரு சைக்கிள் மணி. போதும், திரும்பிடுவார்.

சின்னக் கேமராக்கள்ல பெரும்பாலும் முதுகோடு முதுகா ரெண்டு லென்ஸ். ரெண்டு படமும் ஒட்டற கோடு 3 மணியிலயும் 9 மணியிலயும் விழும்படி கேமராவை வையுங்க. அந்தக் கோட்டுல யாராவது ரொம்பக் கிட்டக்க நின்னா பாதி மூஞ்சி காணாமப் போயிடும். மாணவி 12 மணியில, லென்ஸுக்கு நேரா, ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கட்டும். ஸ்டாண்டு ஒரு ஆள் கண் உயரம், நகர்த்தவே கூடாது. நகர்த்தினா பெட்டி மாட்டிப் பார்க்கறவருக்குக் குமட்டும். டைரக்டர் சார், நீங்க கேட் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கங்க!

தலைவலி பிடிச்ச விஷயம் ஒண்ணு பாக்கி. நாலு பக்கமும் தெரியும்னா, குப்பைத் தொட்டியும் தெரியும். நோட்டீஸ் புத்தகத்துல நல்ல மூலையா பார்த்து போட்டோ எடுத்துப் போட்டுடலாம். இங்கே அந்த மூலையோட எதிர் மூலையும் சேர்ந்தே வரும். ஹாஸ்டல் ரூமுக்கு வெளியே வராண்டாவுல கேமரா வெச்சா, கயித்துல தொங்கற துணியும் பாத்ரூம் க்யூவும் வரும். காலேஜ்ல 'அதை எடுத்துடலாமே'ம்பாங்க. ஆனா அந்த ஏனாம் பொண்ணு திருப்பித் திருப்பித் தேடப் போறது அதைத்தான். 'ஒரு மாடிக்கு எத்தனை பேர், எத்தனை பாத்ரூம்'னு மாணவி வாயாலேயே ஒரு வரி எழுதி வெச்சுடுங்க. எப்படியும் பார்க்கப் போறாங்க, சொல்லிட்டே காட்டிடலாம்.

ஷூட்டிங் முன்னாடி ஒரு ஒத்திகை, காசு செலவில்லாம. பாரதி பூங்காவுல ஆயி மண்டபத்துக்குப் பக்கத்துல ஒரு ஃப்ரெண்டை நிக்க வைங்க. வடக்கே ராஜ்நிவாஸ் கட்டடம், மேற்கே சட்டசபை, கிழக்கே கடற்கரைப் பக்கம். நாலு திசைக்கும் தலா ரெண்டு வரி எழுதி, அவர் பின்னாடி நின்னு படிங்க. அவர் இஷ்டத்துக்குத் திரும்பிட்டே இருக்கட்டும். எந்த வரிக்கு "எங்கடா?"ன்னு கேட்கறாரோ, அந்த வரியை பேனாவால வட்டம் போடுங்க. வீட்டுக்குப் போய்த் திருத்தி எழுத வேண்டியது அந்த வரியைத்தான்.