வாரத்துக்கு எத்தனை பதிவு?

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்கும் ஒருவருக்கு வாரத்தில் 6 மணி நேரம்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். யூடியூபுக்கு ஒரு நல்ல வீடியோ எடுத்து எடிட் செய்யவே 4 மணி நேரம் போய்விடும். அங்கே வாரம் ஒன்று போதும். தேடி வருபவர்கள் அதை மாதக்கணக்கில் பார்ப்பார்கள். அதிலிருந்தே மாங்காய் நறுக்குவது, எண்ணெய் காய்ச்சித் தாளிப்பது என இரண்டு துண்டுகளை வெட்டி இன்ஸ்டாகிராமில் ரீல்ஸாகப் போடலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், அதற்கு அன்றன்றைய போட்டோவே போதும்.

தினமும் வீடியோ போட்டே ஆக வேண்டும் என்பதை நான் ஏற்பதில்லை. ஒரு மாதம் கழித்து, ஒவ்வொரு வீடியோவையும் எதுவரை பார்த்தார்கள் என்று யூடியூப் ஸ்டுடியோவில் பாருங்கள். முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பாலோர் விலகியிருந்தால், எண்ணிக்கையைக் கூட்டாமல் தொடக்கத்தைத் திருத்துங்கள். கடைசிவரை பலர் இருந்து, உங்களுக்கும் நேரம் மிஞ்சினால் இன்னொரு ரீல் சேர்க்கலாம்.