முந்தும் அணி ஏன் பின்வாங்குகிறது?

2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் இடைவேளை. அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 0. முதல் பாதி முழுவதும் பிரான்ஸ் ஒருமுறைகூட கோலை நோக்கிப் பந்தை அடிக்கவில்லை. பயிற்சியாளர் தெஷாம் இடைவேளை வரைகூடப் பொறுக்கவில்லை. 41ஆவது நிமிடத்திலேயே ஜிரூ, டெம்பெலே இருவரையும் வெளியே அழைத்துவிட்டு துராம், கோலோ முவானி இருவரையும் இறக்கியிருந்தார்.

இதுபோன்ற நேரத்தில் ரசிகர்களிடம் ஒரு நம்பிக்கை எழும்: பின்தங்கிய அணி இனி முட்டி மோதும், இரண்டாம் பாதியில் கோல்கள் குவியும். ஐரோப்பியப் பந்தய நிறுவனங்கள் இந்த நம்பிக்கைக்கும் ஒரு விலை வைத்திருக்கின்றன. (இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இங்கே அந்த விலையை நிகழ்தகவின் இன்னொரு வடிவமாகப் பார்த்தால் போதும்.)

விலை பிறக்கும் விதம் எளிது. பெரிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 2.7 கோல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 55 சதவீதம் இரண்டாம் பாதியில் விழுகிறது, அதாவது சுமார் 1.5 கோல். பாய்சான் சூத்திரத்தில் இந்த எண்ணைப் போட்டால், நூறு ஆட்டங்களில் 22இல் இரண்டாம் பாதி கோலின்றி முடியும், 34இல் ஒரே ஒரு கோல் விழும், மீதி 44இல் இரண்டோ அதற்கு மேலோ விழும். ஆகவே 'இரண்டு கோலாவது விழும்' என்பதன் நியாயமான விலை 100/44, அதாவது 2.27. நூறு ரூபாய் கட்டியவருக்கு 227 ரூபாய் திரும்பக் கிடைக்கும். நிறுவனம் தன் லாபத்தைக் கழித்துக்கொண்டு 2.10 என்பதுபோல ஒன்றை அறிவிக்கும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். அந்த 55 சதவீதமே முந்திய அணிகளும் பிந்திய அணிகளும் மோதிய ஆயிரக்கணக்கான ஆட்டங்களிலிருந்து வந்த எண். பின்தங்கிய அணியின் அவசரம் அதற்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. 2-0 என்று கண்டவுடன் அதே அவசரத்தை மறுபடி சேர்த்தால் இரட்டிப்புக் கணக்காகிவிடும்.

தவிர, வேகம் கூடுவது ஒரு பக்கத்தில்தான். முந்திய அணி பின்வாங்கித் தன் பெனால்டிப் பகுதியை ஆள்களால் நிரப்புகிறது, வீசும் பந்தையும் கோல்கிக்கையும் ஆற அமர எடுக்கிறது. பிந்திய அணிக்குப் பந்து நிறையக் கிடைக்கும், ஆனால் இடம் கிடைக்காது. தூரத்திலிருந்து அடிப்பதும் அது காலில் பட்டுத் தெறிப்பதுமாக நேரம் போகும். முந்திய அணி அடிப்பது குறைவு, ஆனால் எதிரணி முன்னேறிவிட்டுப்போன வெற்றிடத்தில் அது அடிக்கும் பந்துகள் கூடுதல் ஆபத்தானவை. இரு பக்கமும் ஓரளவு ஒன்றையொன்று சரிக்கட்டுவதால், மொத்த கோல் எதிர்பார்ப்பு ரசிகர் நினைக்கும் அளவுக்கு மாறுவதில்லை. கோல் விழும் வேகம் ஸ்கோரைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் மாறுவதை மார்க் டிக்சனும் மைக்கேல் ராபின்சனும் 1998இலேயே கணித மாதிரியாக்கிக் காட்டினார்கள்.

இறுதிப் போட்டிக்குத் திரும்புவோம். 64ஆவது நிமிடத்தில் அர்ஜென்டினா, தாக்குதலில் மின்னிக்கொண்டிருந்த டி மரியாவை எடுத்துவிட்டு தடுப்பாட்டக்காரர் அகுன்யாவை இறக்கியது. முந்திய அணி கதவைச் சாத்தும் வழக்கமான நடை இது. 75ஆவது நிமிடம் வரை இரண்டாம் பாதியில் கோலே இல்லை. பொதுக் கணக்குப்படி அப்போது மிச்சமிருந்தது அரை கோலுக்குச் சற்று மேல்தான், 2.27ஆக இருந்த விலை 9ஐத் தாண்டியிருக்கும். நேரம் கரையக் கரைய, களத்தில் ஒன்றுமே நடக்காமல்கூட விலை இப்படி ஏறும். பிறகு 80ஆவது நிமிடத்தில் கோலோ முவானி இழுத்து வீழ்த்தப்பட்டார், எம்பாப்பே பெனால்டியை அடித்தார். அடுத்த நிமிடமே மெஸ்ஸியிடமிருந்து கோமான் பந்தைப் பறிக்க, துராம் தட்டிக் கொடுத்ததை எம்பாப்பே மீண்டும் வலைக்குள் அனுப்பினார். கோமானும் இடையில் இறக்கப்பட்டவர்தான்.

ஒரே ஆட்டத்தை வைத்து விதி எழுத முடியாது. அதே போட்டித் தொடரில் சவுதி அரேபியா, 0-1 என்று பின்தங்கியிருந்து, 48, 53ஆவது நிமிடங்களில் அடித்து அர்ஜென்டினாவை முந்தியது. அதன்பின் அர்ஜென்டினா முற்றுகையிட்டும் ஒரு கோலும் விழவில்லை. ஆட்ட முடிவில் அர்ஜென்டினாவின் ஷாட்டுகள் 15, சவுதியின் ஷாட்டுகள் 3. ஷாட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து 'கோல் வரப்போகிறது' என்று விலை போட்டவர் ஏமாந்திருப்பார். பின்தங்கியதால்தான் அத்தனை ஷாட். அவை எங்கிருந்து அடிக்கப்பட்டன, எத்தனை பேர் குறுக்கே நின்றார்கள் என்பதைப் பார்த்துத்தான் கைதேர்ந்தவர்கள் விலையைத் திருத்துவார்கள்.