ஜன்னலுக்கு வெளியே ஒட்டிய வெள்ளம்

2015 டிசம்பர் 3 அன்று, வெள்ளத்தில் தத்தளித்த சென்னையைப் பிரதமர் நரேந்திர மோடி வானிலிருந்து பார்வையிட்டார். அப்போது எடுத்த படங்களை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் வெளியிட்டது. அவற்றில் ஒன்றில், வட்டமான ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் சூழ்ந்த கட்டடங்கள் பளிச்சென்று தெரிந்தன. அவ்வளவு உயரத்திலிருந்து, அந்தக் கண்ணாடி வழியாக, அப்படித் தெரிய வாய்ப்பே இல்லை என்று பார்த்தவர்கள் கேலி செய்யத் தொடங்கினார்கள். படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்களை இணைத்துவிட்டதாகச் சொல்லி அலுவலகம் வருத்தமும் தெரிவித்தது.

அந்த ஒட்டைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவைப்படவில்லை. வெறும் கண்ணே போதுமாக இருந்தது. ஒட்டியவர் கொஞ்சம் பொறுமைசாலியாக இருந்து, வெளிக்காட்சியை மங்கலாக்கி, நிறத்தையும் இசைத்திருந்தால்? அப்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு தடயத்தைத் தேட வேண்டியிருக்கும். படத் தடயவியல் பயில்கிறவர்கள் தொடக்கத்திலேயே சந்திக்கும் அந்தத் தடயம், கேமரா நிறத்தை உண்டாக்கும் முறையிலேயே இருக்கிறது.

கேமராவின் சென்சாருக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவது ஒரு நிற வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களுக்கு அடிப்படை. இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு கட்டங்களில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். இதே நான்கு கட்டங்கள் சென்சார் முழுவதும் திரும்பத் திரும்ப வருகின்றன. பச்சைக் கட்டங்களை மட்டும் பார்த்தால் சதுரங்கப் பலகைதான்.

ஆக, ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறம்தான் அளந்தது; மீதி இரண்டும் கணக்குப் போட்டு நிரப்பியவை. முழுப் படத்தில் இருக்கும் எண்களில் மூன்றில் இரண்டு பங்கு அப்படிப்பட்டவை. பலருக்கும் இது ஓர் அதிர்ச்சியாகவே இருக்கும்.

இந்த நிரப்பல்தான் துப்பு. பச்சை அளக்கப்படாத ஒரு பிக்சலின் நான்கு பக்கத்திலும் அளந்த பச்சை 100, 104, 98, 106 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிக எளிய முறையில் கேமரா அங்கே சராசரியான 102-ஐ எழுதும். இப்போது நாமும் நான்கு பக்கத்தைப் பார்த்து அந்த எண்ணை ஊகித்தால் அதே 102 வரும், பிழை பூஜ்யம். அளந்த பிக்சல் அப்படி அடங்காது. அதில் சென்சாரின் இரைச்சலும் காட்சியின் நுண்விவரமும் கலந்திருக்கும். பக்கத்து எண்களை வைத்து ஊகம் 104 என்று சொல்ல, அங்கே 109 இருக்கும். உண்மையான கேமராக்களின் கணக்கு இதைவிடச் சிக்கலானது என்பதால் பிழை சரியாகப் பூஜ்யமாக இருக்காது. ஆனாலும் நிரப்பிய இடங்களில் ஊகப்பிழை சிறியதாகவும் அளந்த இடங்களில் பெரியதாகவும் ஒன்றுவிட்டு ஒன்றாக மாறிக்கொண்டே வரும்.

இந்த ஒழுங்கைப் பயன்படுத்திப் போலியைப் பிடிக்கலாம் என்று 2005-இல் அலின் பொபெஸ்குவும் ஹானி ஃபரீதும் காட்டினார்கள். 2012-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஃபெராரா, பியாங்கி, டி ரோசா, பீவா ஆகியோர், படத்தின் எந்த மூலையில் ஒழுங்கு கெட்டிருக்கிறது என்று சிறு கட்டங்களாகப் பிரித்துச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். அதன் சாரம் எளிது: ஒவ்வொரு சிறு பகுதியிலும், அளந்த இடங்களின் பிழைச் சிதறலையும் நிரப்பிய இடங்களின் பிழைச் சிதறலையும் ஒப்பிட்டு, அந்த விகிதத்தின் மடக்கையை எடுப்பது. தடயம் இருந்தால் விடை நேர்மறை. இல்லையென்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

செஞ்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் செய்து பார்க்க அங்குள்ள கோட்டையைவிட நல்ல இடம் கிடைக்காது. கோட்டையின் ராஜகிரிக் குன்றுப் பாறைகளை ரா கோப்பாக எடுத்து, மென்பொருளில் அளவை மாற்றாமல் டிஃப் கோப்பாகச் சேமிக்க வேண்டும். அதிலிருந்து ஒரு பாறையை வெட்டி, அதே படத்தில் பக்கவாட்டில் 301 பிக்சல் தள்ளி ஒட்ட வேண்டும். 301 ஒற்றைப்படை. அதனால் ஒட்டிய பாறைக்குள் சதுரங்கக் கட்டம் தலைகீழாகிவிடும். அளந்த பச்சை இருக்க வேண்டிய இடத்தில் நிரப்பிய பச்சை வந்து உட்காரும். விகிதம் அங்கே எதிர்மறைக்குப் போகும். வரைபடத்தில் பாறையின் விளிம்பு அப்படியே தெரியும்.

இப்போது 301-க்குப் பதில் 300 பிக்சல் தள்ளினால்? பச்சைத் தளத்தில் ஒன்றுமே தெரியாது. ஒட்டு கட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பக்கவாட்டு நகர்வையும் மேல்கீழ் நகர்வையும் கூட்டினால் இரட்டைப்படை வரும் ஒட்டுகளெல்லாம் இப்படித் தப்பிவிடும். குறி வைக்காமல் ஒட்டினால் இது இரண்டில் ஒன்று. சிவப்பு, நீலத்தின் இடத்தையும் சேர்த்துச் சோதித்தால் தப்பும் வாய்ப்பு நான்கில் ஒன்றாகக் குறையும். ஆக, வரைபடம் சுத்தமாக இருப்பதால் மட்டும் படம் உண்மை என்று எழுதிக் கொடுக்க முடியாது.

ஆனால் போலி செய்கிறவர் வெட்டிய துண்டைப் பெரும்பாலும் சுருக்கவோ திருப்பவோ வேண்டியிருக்கும். அப்போது எல்லா எண்களும் புதிதாகக் கணக்கிடப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கு அந்தத் துண்டுக்குள் கரைந்துவிடும். சுற்றிலும் நேர்மறை, துண்டுக்குள் மட்டும் பூஜ்யம். நடைமுறையில் அதிகம் கிடைக்கும் அடையாளம் இதுதான்.

சென்னைப் படத்தின் ஜன்னலிலும் இது கிடைத்திருக்குமா? இணையத்தில் உலவிய பிரதியில் கிடைக்காது. வலைக்காக முழுப் படத்தையும் சுருக்கும்போது, ஜன்னலுக்கு உள்பக்கத்திலும் அதே தடயம் அழிந்துவிடும். ஜேபெக் அமுக்கமும் ஒரு காரணம். ஒன்றுவிட்டு ஒன்று மாறுவது என்பது படத்தில் இருக்கக்கூடிய மிக நுண்ணிய மாற்றம். ஜேபெக் முதலில் கைவைப்பதும் நுண்ணிய மாற்றங்களில்தான். வாட்ஸாப்பில் வந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சோதனையில் இறங்குவது வீண். படம் முழுக்கத் தடயம் இல்லையென்றால் அது பல கை மாறியிருக்கலாம் என்பதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது.

முழு அளவு மூலக் கோப்பே கிடைத்தாலும் ஜன்னலில் ஒரு பொறி உண்டு. உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்று எடுக்கும் படத்தில் ஜன்னல் வெளுத்துப்போய், எண்கள் உச்சமான 255-இல் முட்டி நிற்கும். அங்கே அளந்ததும் 255, நிரப்பியதும் 255. இரண்டு பிழையும் பூஜ்யம், விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. எந்த ஒட்டும் இல்லாத ஜன்னலும் வரைபடத்தில் ஒட்டுப்போலவே தெரியும். செஞ்சிப் படத்தில் வெறும் வானமும், குவியத்துக்கு வெளியே மங்கிய பகுதியும் இதே குழப்பத்தைத் தரும். அதனால் வரைபடத்தைப் பார்க்கும் முன், உச்சம் தொட்ட இடங்களையும் நுண்விவரம் இல்லாத இடங்களையும் கணக்கிலிருந்து ஒதுக்கிவிடுவது வழக்கம். மீதமுள்ள இடத்தில் ஒட்டின் எல்லை ஒரு பொருளின் விளிம்போடு ஒட்டிப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

செல்பேசிப் படங்களில் இன்னும் ஒரு தொல்லை சேர்ந்திருக்கிறது. இப்போதைய பல செல்பேசி சென்சார்களில் ஒவ்வொரு நிறமும் நான்கு பிக்சல் கூட்டமாக வருகிறது. முழுத் தெளிவில் எடுத்தால் ஒழுங்கு இரண்டு பிக்சலுக்கு ஒருமுறை திரும்பாமல் நான்குக்கு ஒருமுறை திரும்பலாம். பல காட்சிகளை ஒன்றாகக் கலந்து இரைச்சலை நீக்கும் மென்பொருளும் தடயத்தைத் தேய்த்துவிடும். ஆகவே சந்தேகப் படத்தைத் தொடும் முன், அதே மாடல் செல்பேசியில், அதே அமைப்பில் எடுத்த சில ஒட்டில்லாத படங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள். அவற்றிலேயே ஒழுங்கு தெரியவில்லையென்றால் இந்த முறையை விட்டுவிட்டு, இரைச்சல் அளவையோ ஜேபெக் கட்டங்களின் பொருத்தத்தையோ பார்க்கப் போய்விடுவார்கள்.