கறுத்த ஓலைப் படத்துக்கு என்ன பதில் எழுதுவது?

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பிலிருந்து வேளாண் அலுவலர் ஒருவரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தென்னையின் அடி மட்டைகள். ஓலையின் மேல்பக்கம் முழுக்கக் கறுத்துக் கிடக்கிறது. படத்தின் கீழே இவ்வளவுதான் எழுதியிருக்கிறது: “சார், ஓலையெல்லாம் இப்படி கருப்பா ஆயிடுச்சுங்க. என்ன மருந்து அடிக்கலாமுங்க?”

இதற்கு இப்படி ஒரு பதில் போகலாம்: “வணக்கம். தாங்கள் அனுப்பியுள்ள புகைப்படத்தில் தென்னை ஓலைகள் கருமை நிறத்தில் காணப்படுகின்றன. இது சுருள் வெள்ளை ஈ தாக்குதலால் ஏற்படும் கரும்பூசண பாதிப்பாக இருக்கக்கூடும். உரிய மேலாண்மை முறைகளைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

இதில் தகவல் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஓலை கறுத்திருப்பதை அவருக்கே திருப்பிச் சொல்ல ஒரு வாக்கியம் போய்விட்டது. படத்தை எடுத்தவரே அவர்தான். மருந்து அடிக்கலாமா என்று அவர் கேட்டதற்குக் கடைசிவரை பதிலே வரவில்லை. “கேட்டுக்கொள்ளப்படுகிறது” என்று முடிவதால், சொல்வது யார் என்பதும் மறைந்துபோகிறது. சுற்றறிக்கைக்கு அந்த நடை சரி. தோப்பில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நேராக உரக்கடைக்குப் போய்விடுவார்.

சரியான பதில் எழுத, படத்தில் என்ன இருக்கிறது என்பதோடு என்ன இல்லை என்பதும் தெரிய வேண்டும். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது 2016-ல், பொள்ளாச்சி வட்டாரத்தில்தான். அது ஓலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். அது கழிக்கிற தேன் போன்ற திரவம் கீழே இருக்கும் மட்டைகளின் மேல்பக்கத்தில் சொட்டும். அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். ஆக, கறுப்பு ஓர் இடத்தில், பூச்சி அதற்கு மேலே வேறோர் இடத்தில். தோப்புக்காரர் கண்ணில் படுவது கறுப்பு. அதனால் அவர் எடுப்பதும் கறுப்பின் படம். வேறு வெள்ளை ஈக்கள், மாவுப்பூச்சி போன்றவை இருந்தாலும் இதே கறுப்பு வரும் என்பதால், இந்த ஒரு படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இவ்வளவும் மனதில் இருந்தால், அனுப்ப வேண்டிய பதில் சின்னதாகவே அமையும்:

“சுருள் வெள்ளை ஈ மாதிரி தெரியுதுங்க. மருந்து எதுவும் இப்ப அடிக்க வேண்டாம். மேல இருக்கற மட்டைல, ஓலையோட அடிப்பக்கத்த கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. பாத்துட்டு சொல்றேன்.”

முதல் வாக்கியம் அவர் “இப்படி” என்று சுட்டியதற்கு விடை. இரண்டாவது அவர் கேட்ட கேள்விக்கு விடை. தாமதித்தால் அவர் செலவழிக்கப் போவது மருந்துக்குத்தான் என்பதால் அது உடனே வந்துவிட வேண்டும். மூன்றாவது, படத்தில் இல்லாததைக் கேட்கிறது. “மாதிரி தெரியுதுங்க” என்பதில் ஐயமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது. “இருக்கக்கூடும்” என்று அறிக்கைத் தமிழுக்குப் போகாமலே, இன்னும் உறுதியாகவில்லை என்பதை அவருக்குப் புரியவைத்துவிடலாம்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது படம் வருகிறது. “வெள்ளையா கோலம் போட்ட மாதிரி இருக்குங்க சார்” என்று எழுதியிருக்கிறார். இதைவிட நல்ல விவரிப்பு கிடைக்காது. பெண் ஈ சுருள் சுருளாக முட்டையிட்டு, வெள்ளை மெழுகால் மூடி வைப்பது உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். அவருடைய சொல்லையே எடுத்துக்கொண்டு பதிலைத் தொடங்குவது நல்லது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே சின்னச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகளும் தெரிகின்றன. என்கார்சியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி முட்டை வைத்த ஈக்குஞ்சுகள் அவை. குளவி உள்ளே வளர வளரக் கறுத்துவிடும். இந்தப் படத்தில் மிக முக்கியமான செய்தி இதுதான். தோப்புக்காரர் இதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் வழியில்லை.

“அந்தக் கோலந்தான் ஈ முட்டை போட்ட இடம்ங்க. நடுவுல கறுப்பா புள்ளி புள்ளியா இருக்கு பாருங்க, அதுக்குள்ள நமக்கு உதவற குளவி வளருது. மருந்து அடிச்சா அதுவும் செத்துரும், அப்புறம் ஈ இன்னும் பெருகிரும். அதனாலதான் வேண்டாங்கறேன். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்க. ஓலைல இருக்கற கறுப்புக்கு மைதாப் பசை கரைச்சுத் தெளிச்சா, காஞ்சு உரிஞ்சு விழுந்துரும். அளவு கீழ போட்டிருக்கேன்.”

மஞ்சள் ஒட்டுப்பொறி: 1 ஏக்கருக்கு 8. விளக்கெண்ணெய் தடவி, 6 அடி உயரத்தில் கட்டவும்.
மைதாப் பசை: 1 லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம்.

காரணம் சொல்லுமிடத்தில் பேச்சுத் தமிழ், அளவு சொல்லுமிடத்தில் எழுத்துத் தமிழ். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். பதிலின் முதல் பகுதி அவருக்கு மட்டும். அளவு வரிகளை அவர் வேலையாளுக்கோ பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கோ அனுப்புவார். அங்கே சூழல் தெரியாமல் படித்தாலும் பிசகக் கூடாது.

இயல்பாக எழுதுகிறேன் என்று சிலர் இன்னொரு தவறு செய்கிறார்கள். கேட்டவர் கொங்குத் தமிழில் எழுதியிருந்தால், தஞ்சாவூரில் பிறந்த அலுவலரும் “ஏனுங்”, “சரிங்கோவ்” என்று தொடங்கிவிடுவது. அது கிண்டலாகப் படும். எல்லா ஊருக்கும் பொதுவான பேச்சுத் தமிழும் அந்த “ங்க”வும் போதும். முறை வைத்து அழைப்பதும் இதுபோலத்தான். வயதில் மூத்தவர் “சார்” என்று எழுதினால், அவரைத் திருப்பி “சார்” என்றோ, முன்பே பழக்கம் இருந்தால் “அண்ணா” என்றோ அழைக்கலாம். பார்த்தே இராத ஒருவரை எடுத்தவுடன் “மாமா” என்பது ஒட்டாது.

படமும் எழுதியதும் ஒத்துப்போகாத நேரம்தான் உண்மையில் கடினம். “குருத்து காஞ்சு போச்சுங்க” என்று எழுதியிருக்கும்; படத்தில் அடி மட்டை மட்டும் காய்ந்திருக்கும். வயதான அடி மட்டை காய்வது இயற்கை. குருத்து அழுகினால் மரமே போய்விடும். இங்கே படத்தை நம்பி “ஒண்ணும் இல்லைங்க” என்று எழுதுவதும் ஆபத்து, எழுத்தை நம்பிக் குருத்தழுகலுக்கு மருந்து சொல்வதும் வீண். “தவறான படத்தை அனுப்பியுள்ளீர்கள்” என்று எழுதினால் அவர் அடுத்த முறை கேட்கவே மாட்டார். “இதுல அடி மட்டைதாங்க தெரியுது. நடுக்குருத்து தெரியற மாதிரி ஒண்ணு எடுத்து அனுப்புங்க, இன்னைக்கே பாத்துருவோம்” என்றால் போதும். படம் மங்கலாக இருந்தாலும் அப்படித்தான்: மங்கலாக இருக்கிறது என்று நேராகச் சொல்லி, இன்னொன்று கேட்டு வாங்க வேண்டும். மங்கலான படத்துக்கு ஊகத்தில் மருந்தும் அளவும் எழுதி அனுப்பாதீர்கள். அடுத்த நாள் காலையில் அது மரத்தின் மேல் தெளிக்கப்பட்டிருக்கும்.