ஒரே சர்வரில் ஆறு வாடிக்கையாளர்கள்: கன்டெய்னரா, விர்ச்சுவல் மெஷினா?

மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுத்து, அதில் ஐந்தாறு வாடிக்கையாளர்களின் வலைத்தளங்களை வைத்து நடத்தும் சிறு நிறுவனங்கள் நிறையவே உண்டு. பட்டுச்சேலைக் கடை, மெட்ரிக் பள்ளி, கல்யாண மண்டபம், சித்த மருத்துவர், டிராவல்ஸ், ஆடிட்டர் என்று ஆறு தளங்கள், ஆறும் வேர்ட்பிரஸ் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் இவை `/var/www` என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்து ஃபோல்டர்களில், ஒரே யூசரின் கீழ் ஓடிக்கொண்டிருக்கும். பள்ளித் தளத்தில் யாரும் அப்டேட் செய்யாத பிளக்இன் ஒன்றின் வழியாக ஒருவன் உள்ளே வந்துவிட்டால், அடுத்த ஃபோல்டரில் இருக்கும் சேலைக் கடையின் `wp-config.php` அவனுக்குத் திறந்தே கிடக்கும். அந்தக் கடையின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில்தான் இருக்கிறது. ஒரு தளத்தில் புகுந்த வைரஸ் ஆறிலும் பரவிவிட்டது என்ற புலம்பலுக்குப் பின்னால் அநேகமாக இந்த ஏற்பாடுதான் இருக்கும்.

ஆகவே தளங்களைப் பிரித்து வைக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. எதைக் கொண்டு பிரிப்பது என்பதுதான் கேள்வி.

விர்ச்சுவல் மெஷின் என்பது ஒரு முழுக் கம்ப்யூட்டரின் பாவனை. அதற்கென்று தனி ராம், தனி டிஸ்க், தனி லினக்ஸ் கெர்னல் எல்லாம் இருக்கும். கன்டெய்னரில் தனிக் கெர்னல் கிடையாது. சர்வரின் கெர்னல் மேலேயே சாதாரண புரோகிராமாகத்தான் அது ஓடுகிறது. தனக்கென்று தனி ஃபைல்கள், தனி நெட்வொர்க், தனி புரோசஸ் பட்டியல் இருப்பதுபோல அந்தக் கெர்னல்தான் அதற்குக் காட்டுகிறது. திருவல்லிக்கேணியின் ஒண்டுக் குடித்தன வீடு மாதிரி: கதவு தனித்தனி, கிணறு ஒன்று. டாக்கர் போட்ட சர்வரில் இதை நேரிலேயே பார்க்கலாம்.

```
uname -r
docker run --rm alpine uname -r
```

முதல் வரி சர்வரின் கெர்னல் எண்ணைக் காட்டும். இரண்டாவது, ஆல்பைன் என்ற வேறொரு லினக்ஸ் கன்டெய்னருக்குள்ளிருந்து கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே எண்தான் வரும்.

இரண்டில் எது என்று யோசிக்கும் முன், வாடகைக்கு வாங்கியது என்ன என்று பார்த்துவிட வேண்டும். வி.பி.எஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் ஒரு விர்ச்சுவல் மெஷினேதான். `systemd-detect-virt` என்று தட்டினால் `kvm` என்று வரும். அப்படி வந்தால், அதற்குள் இன்னொரு அடுக்கு விர்ச்சுவல் மெஷின் உருவாக்க ஹோஸ்டிங் நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும். மலிவான திட்டங்களில் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. `ls /dev/kvm` என்று கேட்டு, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று பதில் வந்தால் விவாதம் அங்கேயே முடிந்தது. `openvz` அல்லது `lxc` என்று வந்தால் நமக்குக் கிடைத்திருப்பதே ஒரு கன்டெய்னர்தான். அதில் டாக்கரும் மக்கர் பண்ணும். வேறு திட்டத்துக்கு மாறிவிடுவது நல்லது.

அனுமதி இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு 4 ஜிபி ராம், 2 கோர் உள்ள சர்வரில் ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் தோராயமானவை, பிளக்இன்களைப் பொறுத்து ஏறி இறங்கும். விர்ச்சுவல் மெஷின் வழியில் போனால் ஒவ்வொரு தளத்துக்கும் கெர்னலும் சிஸ்டம் சர்வீஸ்களும் சேர்ந்து 200 எம்பி, டேட்டாபேஸுக்கு 200 எம்பி, பிஎச்பியை ஓட்டும் அப்பாச்சி புரோசஸ்கள் ஐந்துக்குத் தலா 60 வீதம் 300 எம்பி. ஆக 700. ஆறு தளங்களுக்கு 4,200 எம்பி, அதாவது சர்வரின் மொத்த ராமையும் தாண்டிவிட்டது. கன்டெய்னர் வழியில் கெர்னலுக்கான செலவு ஒரே ஒரு முறைதான். சர்வருக்கும் டாக்கருக்கும் 400, எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரியா டிபிக்கு 500, முன்னால் நின்று விசிட்டர்களைப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸுக்கு 50, தளங்களுக்குத் தலா 300 வீதம் 1,800. மொத்தம் 2,750 எம்பி. பொது டேட்டாபேஸ் வேண்டாம், தளத்துக்கு ஒன்று தனியாக வேண்டும் என்றாலும் 3,450-க்குள் அடங்கிவிடும்.

மிச்சமாகும் கெர்னல் செலவை விடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. விர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கிய ராம், அது சும்மா கிடந்தாலும் பெரும்பாலும் அதனிடமே தங்கிவிடும். கன்டெய்னர் அப்படியல்ல. நள்ளிரவில் ஆடிட்டர் தளத்துக்கு யாரும் வராதபோது அதன் தேவை குறையும். அப்படி மிஞ்சும் ராம் மற்ற ஐந்துக்கும் உதவும். சின்னச் சின்னத் தளங்களை அடுக்கி வைத்துப் பிழைப்பவர்களுக்குக் கன்டெய்னர் கட்டுப்படியாவது இதனால்தான். சிக்கல் வருவதும் இதே வழியில்தான்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. சேலைக் கடைக்காரர் தள்ளுபடிச் செய்தியை வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார், கூட்டம் வருகிறது. டெபியனில் அப்பாச்சி சாதாரணமாக 150 புரோசஸ் வரை பெருகலாம் என்று அமைத்திருக்கிறார்கள். தலா 60 எம்பி என்றால் 9 ஜிபி. நம்மிடம் இருப்பது 4. ராம் தீர்ந்ததும் சர்வர் படுத்துவிடாமலிருக்க, கெர்னல் ஏதாவது ஒரு புரோசஸைக் கொன்றாக வேண்டும். அதிக ராம் பிடித்திருக்கும் ஒற்றைப் புரோசஸ்தான் வழக்கமாகப் பலியாகும். தனித்தனி அப்பாச்சிகள் ஒவ்வொன்றும் சின்னது. பெரியது மரியா டிபி. அது செத்ததும் பள்ளி, மண்டபம், டிராவல்ஸ் என்று எல்லாத் தளங்களிலும் "Error establishing a database connection" என்ற வெள்ளைப் பக்கம். கூட்டம் வந்தது ஒரு கடைக்கு, போன் வருவது ஆறு பேரிடமிருந்தும்.

டாக்கர் தானாக எந்த வரம்பும் வைப்பதில்லை. நாம்தான் எழுத வேண்டும். சேலைக் கடைக்கான பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்.

```
  sarees:
    image: wordpress:php8.3-apache
    restart: unless-stopped
    mem_limit: 400m
    cpus: 1.0
    ports:
      - "127.0.0.1:8081:80"
    volumes:
      - ./sarees:/var/www/html
```

`mem_limit` என்ற வரிதான் இதில் உயிர். இனி சேலைக் கடை 400 எம்பியைத் தாண்டினால் கெர்னல் அந்தக் கன்டெய்னருக்குள்ளேயேதான் ஆள் தேடும். வெளியில் இருக்கும் மரியா டிபியைத் தொடாது. `cpus` வரி, இரண்டு கோர்களில் ஒன்றுக்கு மேல் அந்தத் தளம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் வெளியே வேலி போட்டுவிட்டு உள்ளே 150 என்பதை அப்படியே விட்டால், தளம் நொடிக்கொரு தரம் செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கும். அப்பாச்சியின் `MaxRequestWorkers` எண்ணை 5 என்று குறைத்துவிட வேண்டும். ஐந்து அறுபது முந்நூறு, 400-க்குள் தாராளமாக அடங்கும். ஆறாவதாக வருபவர் ஓரிரு விநாடி காத்திருப்பார். தளம் மெதுவாகும், விழாது.

நடந்தது எது என்பதை `dmesg -T` சொல்லிவிடும். இந்த இரண்டு வரிகளின் தொடக்கத்தைப் பாருங்கள்.

```
Out of memory: Killed process 1873 (mariadbd)
Memory cgroup out of memory: Killed process 4121 (apache2)
```

முதல் வகை, சர்வர் முழுவதற்கும் ராம் தீர்ந்தது என்கிறது. எங்கோ ஒரு கன்டெய்னருக்கு வரம்பு விட்டுப்போயிருக்கிறது, அல்லது வரம்புகளின் கூட்டுத்தொகை சர்வரை மிஞ்சுகிறது. இரண்டாவது வகை, ஒரு கன்டெய்னர் தன் வரம்பில் முட்டியது என்கிறது. அந்த ஒரு வாடிக்கையாளரைத் தவிர யாருக்கும் பாதிப்பில்லை.

பாதுகாப்பு விஷயத்தில் விர்ச்சுவல் மெஷினின் சுவர்தான் கெட்டி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கெர்னல் பொதுவாக இருப்பதால், கெர்னலில் ஓட்டை விழுந்தால் கன்டெய்னர் சுவர் உதவாது. 2022 மார்ச்சில் வெளியே தெரியவந்த டர்ட்டி பைப் அப்படிப்பட்ட ஓட்டை; படிக்க மட்டுமே உரிமையுள்ள ஃபைலில் சாதாரண யூசரும் எழுத அது வழிவிட்டது. ஆகவே சர்வரின் கெர்னல் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. அதற்கு ரீபூட் வேண்டும், ஆறு தளங்களும் ஒன்றாக ஓரிரு நிமிடம் நிற்கும், விடிகாலையில் செய்துவிடலாம். ஆனால் சிறு தளங்களை வழக்கமாகக் கவிழ்ப்பது பழைய பிளக்இன்தான், கெர்னல் அல்ல. அதற்குக் கன்டெய்னர் சுவர் போதும். ஒரு நிபந்தனை: பொது டேட்டாபேஸில் தளத்துக்கு ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்டு என்று பிரித்திருக்க வேண்டும். எல்லோருக்கும் `root` கொடுத்திருந்தால் சுவர் எழுப்பியதே வீண்.

அடிக்கடி ஏமாற்றுவது போர்ட் விவகாரம். மேலே `127.0.0.1` என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. அதை விட்டுவிட்டு `8081:80` என்று மட்டும் எழுதினால், அந்தப் போர்ட் உலகத்துக்கே திறக்கும். உபுண்டுவின் `ufw` ஃபயர்வாலில் மூடி வைத்திருந்தாலும் திறக்கும், ஏனென்றால் டாக்கர் தன் விதிகளை `ufw` பார்க்கும் இடத்துக்கு முன்னாலேயே செருகிவிடுகிறது. `ufw status` எல்லாம் மூடியிருப்பதாகத்தான் காட்டும். மரியா டிபியின் 3306-ஐ இப்படித் தெரியாமல் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து `nmap` போட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

அப்டேட்டிலும் ஒரு பிசகு உண்டு. சர்வரில் `apt upgrade` செய்தால் கன்டெய்னருக்குள் இருக்கும் பிஎச்பிக்கு ஒன்றும் ஆகாது. அதற்குத் தனியாக `docker compose pull`, பிறகு `docker compose up -d`. அப்போது பழைய கன்டெய்னரை டாக்கர் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்கும். `volumes` வரியில் சொன்ன ஃபோல்டர் மட்டும் தப்பிக்கும்.

அப்படியென்றால் விர்ச்சுவல் மெஷின் எப்போது? வாடிக்கையாளர் தனக்கே ரூட் லாகின் வேண்டும் என்று கேட்டால், விண்டோஸில் மட்டும் ஓடும் பழைய சாஃப்ட்வேர் ஏதாவது வைத்திருந்தால், யார் எழுதியது என்றே தெரியாத கோடை ஏற்றச் சொன்னால், அவரை மற்றவர்களோடு வைக்கக் கூடாது. அதற்காக நம் சர்வருக்குள் விர்ச்சுவல் மெஷின் கட்ட வேண்டியதில்லை. அவர் பெயரில் இன்னொரு சின்ன வி.பி.எஸ் எடுத்துக் கொடுங்கள். அதுவே விர்ச்சுவல் மெஷின்தான், சுவரைக் காக்கும் பொறுப்பு ஹோஸ்டிங் நிறுவனத்துடையது. 64 ஜிபி ராம் உள்ள முழு இயந்திரத்தையே வாடகைக்கு எடுத்தவர்கள் கதை வேறு. அவர்கள் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே கன்டெய்னர்களை வைக்கலாம்.

சேலைக் கடை வளர்ந்து அதைத் தனி வி.பி.எஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டிய நாள் வந்தால், கன்டெய்னரில் இருப்பது வேலையைக் குறைக்கும். முந்தைய நாளே டிஎன்எஸ்ஸின் டிடிஎல்லை 300 விநாடியாகக் குறைத்துவிட வேண்டும். மறுநாள் தளத்தைப் பராமரிப்பு நிலையில் வைத்துவிட்டு, `mariadb-dump` எடுத்து, அதையும் `./sarees` ஃபோல்டரையும் கம்போஸ் ஃபைலையும் `rsync` மூலம் அனுப்பி, புதிய இடத்தில் `up -d` கொடுத்து, டம்ப்பை டேட்டாபேஸில் ஏற்றி, அங்கே மட்டும் பராமரிப்பு நிலையை நீக்க வேண்டும். பராமரிப்பு நிலையில் வைக்காமல் நகர்த்தினால், இடைப்பட்ட நேரத்தில் வந்த ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸிலேயே தங்கிவிடும். டிஎன்எஸ்ஸை மாற்றிய பிறகும் பழைய கன்டெய்னரை உடனே அழிக்க வேண்டாம். அதன் லாகில் பராமரிப்புப் பக்கத்தைக் கேட்டு யாரும் வராத நிலை வரும்வரை ஓரிரு நாள் விட்டுவைக்கலாம்.