900 ரூபாய் பிளானுக்கு 1,298 ரூபாய் பில்

ஜூலை முதல் தேதி பெரியப்பா வீட்டுக்கு பிராட்பேண்ட் பில் வந்தது. அரை மணி நேரத்தில் எனக்கு போன். “மாசம் தொள்ளாயிரம்னுதானேடா சொன்னான்? ஜிஎஸ்டி சேர்த்தாலும் ஆயிரத்து அறுபத்திரண்டுதான் வரணும். ஆயிரத்து இருநூத்துத் தொண்ணூத்தெட்டு போட்டிருக்கான். இது பகல் கொள்ளை இல்லையா?”

பெரியப்பா முப்பது வருடம் கூட்டுறவு வங்கியில் கணக்குப் பார்த்தவர். அவருக்கே புரியவில்லை என்றால் தப்பு கணக்கில் இல்லை, பில்லை அச்சடித்த விதத்தில் இருக்கும் என்று தோன்றியது. நேரில் போய்ப் பார்த்தேன்.

நடந்தது இதுதான். ஜூன் மாதம் முழுவதற்குமான 600 ரூபாய் வாடகையை அவர் முன்கூட்டியே கட்டியிருந்தார். பேரன் வீட்டிலிருந்து வேலை பார்க்க வந்து சேர்ந்ததும் வேகம் போதவில்லை. ஜூன் 11 அன்று 900 ரூபாய் பிளானுக்கு மாறினார்.

ஒரே காம்பவுண்டில் கீழ் போர்ஷனில் இருப்பவர் மாத நடுவில் மாடிக்கு மாறினால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? கீழ்வீட்டுக்கு வாங்கிய வாடகையில் மீதி நாட்களுக்கு உரியதைக் கழித்துவிட்டு, அதே நாட்களுக்கு மாடியின் வாடகையைக் கேட்பார். பில்லிங் உலகில் இதற்கு ‘ப்ரோரேஷன்’ என்று பெயர். நம் ஊர் பில்களில் ‘ப்ரோ ரேட்டா’ என்று போட்டிருக்கும். நாம் சொல்லும் நாள்கணக்குதான்.

ஜூனுக்கு 30 நாள். 11 முதல் 30 வரை, இரண்டு நாளையும் சேர்த்து, 20 நாள். பழைய பிளானில் ஒரு நாளுக்கு 20 ரூபாய். அனுபவிக்காத 20 நாளுக்கு 400 ரூபாய் பெரியப்பாவுக்குத் திரும்ப வர வேண்டும். புதிய பிளானில் ஒரு நாளுக்கு 30 ரூபாய். அதே 20 நாளுக்கு அவர் தர வேண்டியது 600. கழித்தால் 200 ரூபாய். மாறியதற்கான செலவு அவ்வளவுதான்.

ஆனால் அந்த 200 ரூபாயை கம்பெனி ஜூன் 11 அன்றே கேட்கவில்லை. அடுத்த பில்லில் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது. அடுத்த பில் ஜூலை வாடகைக்கான பில். அதனால் ஒரே தாளில் மூன்று வரி வந்து உட்கார்ந்துவிட்டது: பழைய பிளான் ஜூன் 11–30, கழிவு 400, புதிய பிளான் ஜூன் 11–30, 600, புதிய பிளான் ஜூலை 1–31, 900. கூட்டினால் 1,100. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 198. மொத்தம் 1,298. போன மாதத்தின் மிச்சக் கணக்கும் வரும் மாதத்தின் முன்பணமும் ஒன்றாக நிற்கின்றன. ஆகஸ்ட் பில்லில் பெரியப்பா எதிர்பார்த்த 1,062 வந்துவிடும்.

“அப்போ சரியாத்தான் போட்டிருக்கானா?” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

இந்த பில் சரி. எல்லா பில்லும் இப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் பார்க்க வேண்டியது அந்த இரண்டு ஜூன் வரிகளின் தேதிகளை. இரண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கழிவு 12ஆம் தேதியிலிருந்தும் புதிய வாடகை 11ஆம் தேதியிலிருந்தும் தொடங்கினால், 11ஆம் தேதிக்கு இரண்டு பிளானுக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இருபது ரூபாய்தான் என்றாலும் ஒரே நாளில் இரண்டு வீட்டில் குடியிருக்க முடியாதே. இந்தத் தொல்லை வேண்டாம் என்றுதான் சில பில்லிங் மென்பொருள்கள் நாளை விட்டுவிட்டு நொடிக் கணக்கில் பிரிக்கின்றன. இணையச் சேவைகள் பல பயன்படுத்தும் ஸ்ட்ரைப் அப்படித்தான். மதியம் மூன்று மணிக்கு மாறினால் அந்த மூன்று மணியிலிருந்து கணக்கு. அதனால்தான் அத்தகைய பில்களில் பைசா வரை வினோதமான எண்கள் வருகின்றன.

இன்னொரு இடம் தள்ளுபடி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பிளான் விலை 600 என்றாலும் அறிமுகச் சலுகையில் 480தான் கட்டியிருந்தேன் என்று வையுங்கள். இருபது நாளுக்குத் திரும்பி வருவது 400 அல்ல, 320. கட்டியதிலிருந்துதான் கழிவு, விலைப்பட்டியலிலிருந்து அல்ல. சலுகை புதிய பிளானுக்குத் தொடராவிட்டால் வித்தியாசம் 200 அல்ல, 280. கஸ்டமர் கேரில் இருந்த பெண்ணோடு நான் பதினைந்து நிமிடம் வாதாடினேன். நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது என்பது போனை வைத்த பிறகு புரிந்தது.

பணம் ஆட்டோபேயில் போகிறது என்றால் வேறு ஒரு சங்கடம் உண்டு. அதைப் பதிவு செய்யும்போது ஒரு தடவைக்கு அதிகபட்சம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வைத்திருப்போம். பெரியப்பா 1,200 என்று வைத்திருந்தால் மாதாமாதம் 1,062 தடையில்லாமல் போகும். இந்த ஒரு மாதத்து 1,298 மட்டும் திரும்பிவிடும். பில் கட்டவில்லை என்று இணைப்பைத் துண்டித்த பிறகுதான் தெரியவரும்.

போன் செயலிகளின் சந்தாவில் இதே 400 ரூபாயை வேறு மாதிரியும் தீர்க்கிறார்கள். ஆப்பிளில் மேல் பிளானுக்கு மாறினால் பழையதில் மிச்சமிருப்பதைத் திருப்பித் தந்துவிட்டு, புதியதற்கு முழு விலையும் வாங்கி, அன்றிலிருந்தே புதிய மாதத்தைத் தொடங்குவார்கள். ஜூன் 11 அன்று 900 போய் 400 திரும்பும், அடுத்த கட்டணம் ஜூலை 11. கூகுள் பிளேயில் எந்த முறை என்பதைச் செயலி செய்தவர் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஒன்று பணத்தை நாளாக மாற்றுவது. இப்போது ஒரு ரூபாயும் எடுக்க மாட்டார்கள். நாளுக்கு 30 ரூபாய் வீதம் அந்த 400 ரூபாய் பதின்மூன்று நாள் சொச்சம் வரும். ஜூன் 24 வாக்கில் தீர்ந்துவிடும், உடனே முழு 900 எடுப்பார்கள். மாதக் கடைசியில்தானே போகும் என்று நினைத்திருந்தவர், ஒரு வாரம் முன்பே பணம் போய்விட்டதைப் பார்த்து வங்கிக்கு ஓடுவார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பெரியப்பா தன் மேஜைக் காலண்டரைப் புரட்டினார். பேரன் ஆகஸ்ட் 12ஆம் தேதி பெங்களூருக்குத் திரும்புகிறான். “அன்னைக்கே பழைய அறுநூறுக்கு மாத்திடறேன். மிச்ச நாளுக்கு நூத்துத் தொண்ணூறு சொச்சம் நமக்குத் திரும்ப வரணும், சரிதானே?”

கணக்கு சரி. ஆனால் கம்பெனியின் விதிகளைத் திறந்து பார்த்தோம். மேலே ஏறுவது உடனே நடக்கும், கீழே இறங்குவது அடுத்த பில்லிங் மாதத்திலிருந்துதான் என்று இருந்தது. பல நிறுவனங்களில் இப்படித்தான். வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, நாலு நாள் வேகம் வேண்டும்போது ஏறி இறங்குபவர்களையும் தடுத்துவிடலாம்.

பெரியப்பா பேசாமல் பேனாவை எடுத்து, ஆகஸ்ட் 12இல் போட்டிருந்த வட்டத்தை அடித்துவிட்டு, செப்டம்பர் 1இல் போட்டார்.